தொண்ணூற்று நான்கில் நின்றுவிடும் வேகம்

300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டும் வீட்டில், கேபிளில் இணைத்த கணினியின் வேகச் சோதனை 94 என்று காட்டுகிறது. காலையில் 94, நள்ளிரவிலும் 94. வேறு சோதனைத் தளத்துக்குப் போனாலும் 93க்கும் 95க்கும் நடுவில்தான் முள் நிற்கிறது. அதே வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு வைஃபையில் பார்த்தால் 250 வருகிறது. வயரில்லாமல் வேகம் வருகிறது, வயர் போட்டால் வரவில்லை என்ற இந்தத் தலைகீழ் நிலைக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

அதைச் சொல்வது அந்த எண்ணின் பிடிவாதம்தான். இணைய நிறுவனத்தின் பாதையில் நெரிசல் இருந்தால் வேகம் மாலையில் குறைந்து விடியற்காலையில் ஏறும். நாள் முழுக்க அசையாத 94 என்பது வேறு சங்கதி. கேபிளின் இரு முனையிலும் உள்ள கருவிகள் தங்களுக்குள் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசிக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டன என்று அதற்குப் பொருள். நூறில் ஆறு எங்கே போனது என்றால், தபால் உறைக்குப் போனது. ஒவ்வொரு பொட்டலத்திலும் பயனருக்குரிய தகவல் 1460 பைட். அதன் மேல் முகவரி, பிழை சரிபார்க்கும் எண், அடுத்த பொட்டலத்துக்கு முன் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்ந்து கம்பியில் 1538 பைட்டுக்கான நேரம் பிடிக்கிறது. வகுத்துப் பார்த்தால் 94.9 விழுக்காடு. 1000 எம்பிபிஎஸ், அதாவது ஜிகாபிட் இணைப்பிலும் இதே விகிதம்தான். அங்கே உச்சம் 940ஐ ஒட்டி நிற்கும். வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை என்றாலும் அது இதே நோயின் அறிகுறிதான்.

எட்டுக் கம்பிகள்

நெட்வொர்க் கேபிளின் உறைக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. 1995இல் தரப்படுத்தப்பட்ட 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு அவற்றில் இரண்டு ஜோடி போதும். பிளக்கின் 1, 2 எண் முனைகளில் ஒரு ஜோடி அனுப்ப, 3, 6 எண் முனைகளில் இன்னொன்று வாங்க. 4, 5, 7, 8 ஆகிய நான்கு கம்பிகளும் சும்மா கிடக்கும்.

1999இல் வந்த ஜிகாபிட் தரத்துக்கு அந்தச் சொகுசு இல்லை. புதிய கேபிள் இழுக்கச் சொல்லாமல், கட்டடங்களில் ஏற்கெனவே கிடந்த கேட் 5 கேபிளிலேயே பத்து மடங்கு வேகம் வேண்டும் என்பது அதன் இலக்கு. அதனால் நான்கு ஜோடிகளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு ஜோடியிலும் 250 எம்பிபிஎஸ். அதுவும் ஒரே ஜோடியில் இரு திசையிலும் ஒரே நேரத்தில். தான் அனுப்பியதன் எதிரொலியைக் கழித்துவிட்டு, மிச்சத்திலிருந்து எதிர்முனை சொன்னதைப் பிரித்தெடுக்கும் வேலையைச் சில்லு செய்கிறது.

இதன் விளைவை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி மர்மம் விலகிவிடும். எட்டில் எந்த ஒரு கம்பி அறுந்தாலும் ஜிகாபிட் இல்லை. ஆனால் அறுந்தது 4, 5, 7, 8இல் ஒன்றாக இருந்தால் 100 எம்பிபிஎஸ் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். இணைப்பு இருக்கிறது, விளக்கு எரிகிறது, பக்கங்கள் திறக்கின்றன. வேகம் மட்டும்தான் பத்தில் ஒன்று. வருடக்கணக்கில் யாரும் கவனிக்காமல் போவது இதனால்தான். திட்டம் 100க்குள் இருந்தவரை கவனிக்கவும் ஒன்றுமில்லை.

இரண்டு போர்ட்டுகள் பேசும் பேரம்

கேபிளைச் செருகியதும் இரு முனைகளும் தகவல் அனுப்பத் தொடங்குவதில்லை. முதலில் ஒரு பேரம் நடக்கிறது. ஆட்டோ நெகோஷியேஷன் என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு முனையும் சுமார் 16 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிப்புகளின் கொத்தொன்றை அனுப்பும். ஒரு கொத்தில் அதிகபட்சம் 33 துடிப்புகள். ஒற்றைப்படை இடங்களில் வரும் 17 துடிப்புகள் தாளம் காட்டுகின்றன. அவற்றுக்கு இடையே உள்ள 16 இடங்களில் துடிப்பு வந்தால் ஒன்று, வராவிட்டால் சுழியம். அந்த 16 பிட்டுகள் “எனக்கு இன்னின்ன வேகங்கள் தெரியும்” என்று சொல்லும் பட்டியல். இரு பட்டியல்களிலும் பொதுவாக உள்ளவற்றில் உயர்ந்தது தேர்வாகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. பேரம் முழுவதும் 1, 2 ஜோடியிலும் 3, 6 ஜோடியிலும் மட்டுமே நடக்கிறது. மற்ற இரண்டு ஜோடிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே 7ஆம் கம்பி அறுந்த கேபிளிலும் இரு முனைகளும் தயக்கமின்றி “ஜிகாபிட்” என்று ஒப்புக்கொள்ளும். பிறகு நான்கு ஜோடிகளிலும் சமிக்ஞை ஏற்றும்போதுதான் ஒன்று வாய் திறக்கவில்லை என்று தெரிகிறது. இணைப்பு அமையாது, பேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், மறுபடி ஜிகாபிட் என்றே முடியும். பழைய கருவிகளில் போர்ட் விளக்கு எரிந்து அணைந்து எரிந்துகொண்டே இருக்கும். இப்போதைய சில்லுகள் பலவும் சில முயற்சிகள் தோற்றதும் ஜிகாபிட்டைத் தம் பட்டியலிலிருந்து தாமாக எடுத்துவிட்டு 100க்கு இறங்கிவிடுகின்றன. இணைப்பைக் காப்பாற்றும் நல்ல உபாயம்தான். ஆனால் பயனருக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. லினக்ஸ் கணினியில் மட்டும், சில்லின் டிரைவர் ஒத்துழைத்தால், பதிவேட்டில் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
Downshift occurred from negotiated speed 1Gbps to actual speed 100Mbps, check cabling!
```

கேபிளைப் பார் என்று கணினியே சொல்லும் அரிய இடம் இது.

பேரத்தின் முடிவைப் படிப்பது

விண்டோஸ் 11இல் Settings திறந்து, Network & internet, அதனுள் Ethernet என்று போனால் Link speed (Receive/Transmit) என்ற வரியில் 100/100 (Mbps) அல்லது 1000/1000 (Mbps) என்று இருக்கும். பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் டூப்ளெக்ஸையும் சேர்த்துப் பார்க்கலாம். அது என்ன என்று பின்னால் வருகிறது.

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed, FullDuplex
```

லினக்ஸில் `ethtool eth0` என்று கொடுத்தால் இன்னும் அதிகம் தெரியும். eth0 என்ற இடத்தில் அந்தக் கணினியில் போர்ட்டுக்கு உள்ள பெயரைத் தர வேண்டும். வெளியீட்டில் Link partner advertised link modes என்ற தலைப்பின் கீழ் இருப்பது எதிர்முனை அனுப்பிய பட்டியல். அதில் 1000baseT/Full இருந்தும் Speed என்ற வரியில் 100Mb/s என்று வந்தால், இரு கருவிகளுக்கும் ஜிகாபிட் தெரிந்திருக்கிறது, நடுவில் உள்ள கேபிள் கைவிடுகிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பட்டியலில் அது இல்லையென்றால் எதிர்முனை போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். அல்லது எதிர்முனைச் சில்லு தோற்றுப்போய் ஜிகாபிட்டைத் திரும்பப் பெற்றிருக்கலாம். குட்டையான, நல்ல கேபிள் ஒன்றை மாற்றிச் செருகிப் பார்த்தால் இந்த இரண்டில் எது என்பது தெளிந்துவிடும்.

எதிர்முனை போர்ட்டே மெதுவானது என்பது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. ஃபைபர் வந்து சேரும் பெட்டிகள் சிலவற்றில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்றே ஒன்றுதான் ஜிகாபிட். மற்ற மூன்றும் 100 எம்பிபிஎஸ். பெட்டிக்கு அடியில் உள்ள விவரச் சீட்டையோ கையேட்டையோ பார்த்துக் கேபிளைச் சரியான துளைக்கு மாற்றினால் வேலை முடிந்துவிடும். ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் உள்ளதும் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான்; அங்கே எந்தக் கேபிள் போட்டும் பயனில்லை. கண்காணிப்பு கேமராவுக்கு மின்சாரம் ஏற்றும் மலிவான சிறு இணைப்பான்களில் 4, 5, 7, 8 கம்பிகள் மின்சாரத்துக்கே போய்விடுவதால், அவை நடுவில் இருந்தாலும் ஜிகாபிட் வராது.

மாடி அறை

மேலே சொன்ன 300 எம்பிபிஎஸ் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஃபைபர் பெட்டி கீழ்த்தளக் கூடத்தில் இருக்கிறது. அதிலிருந்து சுவருக்குள் பதித்த குழாய் வழியே மாடிக்குக் கேபிள் போகிறது. இரு முனையிலும் சுவர் சாக்கெட். மாடியில் மேசைக் கணினி. தொடக்கத்தில் அங்கிருந்த குறை வேகம் அல்ல. நாளுக்கு நாலைந்து முறை சில நொடிகள் இணைப்பு போய்ப் போய் வருவது. பார்க்க வந்தவர் கணினியில் நெட்வொர்க் கார்டின் Speed & Duplex அமைப்பை Auto Negotiation என்பதிலிருந்து 100 Mbps Full Duplex என்பதற்கு மாற்றிவிட்டுப் போனார். துண்டிப்பு நின்றது. ஆனால் அன்று முதல் பக்கங்கள் திணறித் திணறித் திறந்தன. பதிவிறக்கம் சில எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. பிங் செய்தால் ஒரு மில்லிநொடியில் பதில் வந்தது. எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்தது.

இங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. மேலே உள்ளது, மனிதர் சேர்த்தது. அதை முதலில் எடுக்க வேண்டும்.

டூப்ளெக்ஸ் என்பது பேசும் ஒழுங்கு. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் வடிவம் கொடுத்த ஈதர்நெட்டில், எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. பேசுமுன் கம்பி அமைதியா என்று கேட்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் மோதல், இருவரும் நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல வேண்டும். இது ஹாஃப் டூப்ளெக்ஸ். அனுப்பத் தனி ஜோடி, வாங்கத் தனி ஜோடி என்று ஆனபின் இந்தக் காத்திருப்பு தேவையற்றுப் போயிற்று. இரு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். மோதல் என்ற சொல்லே இல்லை. இது ஃபுல் டூப்ளெக்ஸ். 1997இல் தரத்துக்குள் வந்தது.

ஒரு முனையில் 100 Mbps Full Duplex என்று கையால் கட்டிவைத்தால், பல டிரைவர்களில் அந்த முனை பேரத்தையே நிறுத்திவிடுகிறது. துடிப்புக் கொத்துகள் போவதில்லை. எதிரே பேரத்துக்குக் காத்திருக்கும் ஃபைபர் பெட்டி, வந்துசேரும் சமிக்ஞையின் அமைப்பைப் பார்த்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸ் எது என்பதைச் சமிக்ஞையிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அப்போது ஹாஃப் டூப்ளெக்ஸ் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இந்த விதி எழுதப்பட்ட காலத்தில் அது நியாயமானது. பேரம் பேசத் தெரியாத எதிர்முனை என்றால் பெரும்பாலும் பழைய ஹப்; ஹப்புக்கு ஹாஃப் டூப்ளெக்ஸ் தவிர வேறு தெரியாது. இன்று அதே விதி, கணினி ஃபுல், பெட்டி ஹாஃப் என்ற பொருந்தாத ஜோடியை உண்டாக்குகிறது. அமைப்பை மாற்றியவர் ‘ஃபுல்’ என்று தேர்ந்தெடுத்ததால்தான் எதிர்முனை ‘ஹாஃப்’ ஆனது.

பிறகு நடப்பதைக் கம்பியோடு சேர்ந்து பின்தொடரலாம். கணினி ஒரு படத்தைக் கேட்கிறது. பெட்டி நீளமான பொட்டலங்களை அனுப்பத் தொடங்குகிறது. கணினி நடுநடுவே “வந்து சேர்ந்தது” என்று சிறு ஒப்புதல்களைத் திருப்பி அனுப்பும். ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நம்புவதால் அது எதற்கும் காத்திருப்பதில்லை. பெட்டியோ, தான் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரிலிருந்து ஒலி வந்தால் மோதல் என்று எடுத்துக்கொண்டு பாதியில் நிறுத்துகிறது. கணினிக்கு வந்து சேர்வது அரைகுறைப் பொட்டலம். சரிபார்க்கும் எண் ஒத்துவராததால் அது குப்பைக்குப் போகிறது. பொட்டலத்தின் முதல் 64 பைட்டுக்குள் மோதினால் பெட்டி தானாக மீண்டும் அனுப்பும். அதற்குப் பிறகு மோதினால் அது தாமத மோதல், பொட்டலம் கைவிடப்படும். அது தொலைந்ததை மேலடுக்கில் இருக்கும் டிசிபி கண்டறிந்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, திரும்ப அனுப்ப வேண்டும். திரும்ப அனுப்பினாலும் அதே கதி நேரலாம்.

பிங் ஏன் பிழைக்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு சிறு கேள்வி போய், பிறகு ஒரு சிறு பதில் வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசும் தருணமே அமைவதில்லை. சுமை ஏற ஏறத்தான் டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை வெளியே வரும். அதுவே இதன் அடையாளம்: அமைதியாக இருக்கையில் எல்லாம் சரி, பெரிய கோப்பு ஓடத் தொடங்கினால் சரிவு, ஒரு திசை இன்னொன்றைவிட மிக மோசம். எண்ணிக்கைகளைக் காட்டும் ஸ்விட்ச் இருந்தால், ஹாஃப் பக்கத்தில் தாமத மோதல்களும், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழைகளும் ஏறிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரே கேபிளின் இரு முனையிலும் தெரிந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வேகத்தைக் கையால் கட்டும் வழக்கம் 1990களில் வேர்விட்டது. அப்போது வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் பேரத்தில் அடிக்கடி முரண்பட்டன. கட்டிவைத்தால்தான் நிம்மதி என்ற அறிவுரை அன்று சரியாக இருந்தது. ஜிகாபிட் தரமோ பேரத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. கம்பியின் இரு முனையில் எது தாளத்துக்குத் தலைமை தாங்கும் என்பதும் பேரத்தில்தான் முடிவாகிறது. அதனால் கம்பிவழி ஜிகாபிட்டில் டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை நடைமுறையில் ஏற்படுவதில்லை. 100க்கு இறங்கும் இடத்தில்தான் அது காத்திருக்கிறது. விதி எளிது: இரு முனையும் ஆட்டோ. ஒரு முனையைக் கட்டியே தீர வேண்டுமென்றால் மறுமுனையையும் அதே போலக் கட்ட வேண்டும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் அதற்கு வழியே கிடையாது.

மாடிக் கணினியில் அமைப்பை Auto Negotiation என்று திருப்பியதும் பதிவிறக்கம் 94க்கு வந்துவிட்டது. மேல் கோளாறு போயிற்று. அடியில் இருந்தது இப்போது வெளியே தெரிகிறது. மேசைக் கணினியைக் கீழே கொண்டுவந்து ஒரு மீட்டர் கேபிளில் ஃபைபர் பெட்டியோடு நேராக இணைத்தால் இணைப்பு 1000, சோதனை 300ஐ ஒட்டி வருகிறது. ஆக, பெட்டியும் நல்லது, கணினியும் நல்லது. அதே ஒரு மீட்டர் கேபிளை மாடியில் சாக்கெட்டுக்கும் கணினிக்கும் நடுவே போட்டால் மறுபடி 100. எஞ்சியது சுவருக்குள் ஓடும் கேபிளும் இரண்டு சாக்கெட்டுகளும்.

சுவரை உடைக்கும் முன் சாக்கெட்டைத் திறப்பது நல்லது. நீளமான கேபிள் நடுவில் அறுவது அரிது. கம்பி பிரிந்து உலோகத்தைத் தொடும் இடத்தில்தான் பழுது தங்கும். எட்டு விளக்குகள் வரிசையாக எரியும் சோதனைக் கருவியின் இரு பாதிகளை இரு சாக்கெட்டிலும் மாட்டினால் 1 முதல் 6 வரை எரிகிறது, 7 எரியவில்லை, 8 எரிகிறது. மாடிச் சாக்கெட்டில் வெள்ளை-பழுப்புக் கம்பி அதன் பிளவுக்குள் முழுதாக இறங்காமல் மேலாக உட்கார்ந்திருக்கிறது. சில நேரம் தொட்டது, ஜிகாபிட் வந்தது. சில நேரம் விட்டது, இணைப்பு அறுந்து மீண்டும் பேரம் நடந்தது. நாளுக்கு நாலைந்து துண்டிப்பு அதுதான். 100இல் கட்டியபோது துண்டிப்பு நின்றதற்கும் காரணம் இதுவே: 7ஆம் கம்பி 100க்குத் தேவையே இல்லை. பஞ்ச் கருவியால் கம்பியை அழுத்தி இறக்கியதும் Link speed வரியில் 1000/1000 (Mbps) வந்து நின்றது. சோதனை 300ஐத் தொட்டது.

உறையில் உள்ள எழுத்து

வேகம் வரவில்லை என்றதும் கடைகளில் முதலில் கேட்கும் அறிவுரை “கேட் 6 போடுங்கள்” என்பது. பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவையில்லாத செலவு. கேட் 5இ கேபிள் 100 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிக்கப்படுகிறது, கேட் 6 250 வரை, கேட் 6ஏ 500 வரை. ஜிகாபிட் 100 மீட்டர் தூரம் ஓட ஒழுங்கான கேட் 5இ போதும். உறையில் எந்த எழுத்து இருக்கிறது என்பதைப் போர்ட்டால் படிக்கவும் முடியாது. ‘கேட் 5 என்பதால் 100க்கு இறங்குகிறேன்’ என்று எந்தச் சில்லும் முடிவெடுப்பதில்லை. சமிக்ஞை தெளிவாக வருகிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கேட் 6 போட்டதும் சரியானது என்று சொல்லப்படும் இடங்களில், புதிய கேபிளோடு புதிய முனைகளும் சேர்ந்து வந்ததே பல நேரம் உண்மையான மருந்து.

உறையின் எழுத்தைவிட உள்ளே இருப்பதுதான் முக்கியம். விலை குறைந்த கேபிள்களில் கம்பி முழுச் செம்பு அல்ல. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, வளைத்தால் எளிதில் முறியும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அடையாளம். கேட் என்று தொடங்கும் எந்தத் தரமும் இந்தக் கம்பியை ஏற்பதில்லை, உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும். இன்னொரு வகையில் நான்கு ஜோடிக்குப் பதில் இரண்டு ஜோடிதான் உள்ளே இருக்கும். பிளக் வழியே எட்டிப் பார்த்து நிறங்களை எண்ணினால் தெரிந்துவிடும்.

எண்ணிப் பார்த்து எட்டும் இருந்து, விளக்குக் கருவியில் எட்டும் எரிந்து, அப்போதும் 100க்கு மேல் போகாத கேபிள் உண்டு. பெரும்பாலும் அது நிற வரிசைத் தவறு. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மறுமுனையிலும் அதே போல கிரிம்ப் செய்துவிடுவார்கள். இரு முனையும் ஒத்திருப்பதால் சோதனைக் கருவி குறை சொல்லாது. ஆனால் 3ஆம் முனையில் பச்சை ஜோடியின் கம்பியும் 6ஆம் முனையில் நீல ஜோடியின் கம்பியும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஒரே சமிக்ஞையின் இரு பாதிகள் வெவ்வேறு முறுக்கில் ஓடுகின்றன. முறுக்கு இருப்பதே பக்கத்து ஜோடியின் இரைச்சலை அடிக்க. ஜோடி பிரிந்ததும் அந்தக் காப்பு போய்விடுகிறது. குட்டைக் கேபிளில் 100 எப்படியோ தாக்குப்பிடிக்கும். நான்கு ஜோடிகளும் ஒன்றாகப் பேசும் ஜிகாபிட் தாங்காது. சரியான வரிசை இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீல ஜோடியை நடுவில் விட்டு இருபுறமும் நிற்பதைப் பார்த்தால் வரிசை சரி. பிளக்கின் கண்ணாடி போன்ற உடல் வழியே, எதையும் கழற்றாமல், இதைச் சில நொடியில் பார்த்துவிடலாம்.